நிலுவைப் பத்தியில் நிற்கும் மனு

அட்டப்பாடியிலும் மூணாறு மலையிலும் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் மாதாந்தரக் கூட்டக் குறிப்பேட்டில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: பயனாளிகள் எண்ணிக்கை, சென்றுவந்த ஊர்கள், நிலுவை மனுக்கள். இந்தக் குறிப்பேடு தேவையானது. களப்பணியாளர் வேலையை விட்டுப் போனாலும் அடுத்தவர் எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

ஆனால் எண்ணிக்கையை நம்பிவிட முடியாது. அகளிப் பக்கம் ஒரு தாய் சத்துணவு முகாமுக்கு வருகிறார், அரிவாள் செல் ரத்தசோகைப் பரிசோதனைக்கு வருகிறார், மகளிர் குழுக் கூட்டத்திலும் உட்காருகிறார். ஏட்டில் அவர் மூன்று பயனாளிகள். பெயர்வாரியாகப் பதியாதவரை, கூடியது ஆட்களா வருகையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்ப் பயணமும் இப்படித்தான். காலை பதினொரு மணிக்கு எஸ்டேட் லயத்துக்குப் போனால் கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருப்பார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்துத் திரும்பியதும் ஏட்டில் ஒரு பயணமாகும்.

பெரிய குறை மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தேவிகுளம் தாலுகாவில் தமிழ்த் தோட்டத் தொழிலாளி ஒருவர் மகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியிருந்தது என்று காட்டச் சொல்வார்கள். தேவிகுளம் தனித் தொகுதியில் ஆ. ராஜா பெற்ற வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்ததும், உச்ச நீதிமன்றம் 2025-இல் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் இந்தக் கேள்வியையும் உள்ளடக்கிய வழக்கில்தான்.

லயம் கம்பெனியுடையது, ஆகவே தொழிலாளியிடம் பட்டாவோ வரி ரசீதோ இருக்காது. தாத்தாவின் பி.எஃப். சீட்டை எடுத்து நீட்டுவார். பி.எஃப். சட்டமே 1952-இல்தான் வந்தது; 1950-க்கு முந்தைய குடியிருப்பை அது நிரூபிக்காது. தேவைப்படுவது பழைய எஸ்டேட் பேர்ப்பதிவோ பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோதான். அதைத் தேடி எடுக்கக் களப்பணியாளர் எஸ்டேட் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். குறிப்பேடோ மாதாமாதம் ‘தொடர் நடவடிக்கையில் உள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வில்லேஜ் ஆபீசர் அறிக்கை எழுதினாரா, கோப்பு தாசில்தார் மேசைக்குப் போனதா, எந்தத் தாள் குறைகிறது என எதுவும் அந்த வரியில் இல்லை. இதற்கிடையே கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும்.

ஒவ்வொரு நிலுவை மனுவுக்கும் நான்கு விவரங்கள் போதும்: கோப்பு இருக்கும் மேசை, குறையும் தாள், அதைக் கொண்டுவர வேண்டியவர், கடைசித் தேதி. இதைக் கேட்காத ஆய்வுக் கூட்டம் தொழிலாளிக்காக நடப்பதல்ல, நிதி கொடுப்பவருக்காக நடப்பது. அடுத்த மாதக் கூட்டத்தை நிலுவைப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.