டப்பாவுக்கு ஒரு பல்லவி

அண்ணன் மகள் எடுத்த அரை நிமிட வீடியோ. 2011-இல் தனுஷ் பாடிய ‘கொலவெறி’ மெட்டு, வரிகள் அவளுடையவை. தீபாவளிச் செலவு 12,000 ரூபாய் என்றால் மாதம் 1,000 தனி டப்பாவில். பாடம் அவ்வளவுதான். முதலில் வண்டி இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் திணித்திருந்தாள். மெட்டுக்குள் அடங்காமல் மூச்சு வாங்கியது. வெட்டியபின், காது பழைய சொல்லுக்குக் காத்திருக்கும் இடத்தில் ‘ஆயிரம்’ வந்து விழுகிறது. சிரிப்பு அங்கேதான். பல்லவி மூன்று முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மாதக் காலண்டரில் நான்கு தாள் கிழிகிறது, டப்பாவில் நாலாயிரம் ஏறுகிறது. இரண்டாவது பல்லவியில் அண்ணன் கை டப்பாவுக்குள் நுழைய, தாளம் தப்பி நிற்கிறது. வேண்டுமென்றே செய்தாளாம்.