உறைந்த பிறகும் உழைக்கும் தயிர்

காலையில் கட்டியாய், இனிப்பாய் உறைந்த தயிரை ஃபிரிட்ஜில் வைக்கிறோம். மூன்றாம் நாள் அது நாக்கைக் கூசவைக்கிறது. குளிர் அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது. அவ்வளவுதான். பாலின் சர்க்கரையில் பெரும்பகுதி உறைந்த பின்னும் மிச்சமிருக்கிறது. அதை அவை மெல்ல மெல்ல லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். குறிப்பாக லாக்டோபேசில்லஸ் என்ற கோல்வடிவக் கூட்டம் புளிப்பை நன்றாகத் தாங்கும். மற்றவை ஓய்ந்த பிறகும் ஓயாது.

ஆகவே புளிப்பின் அளவு, தயிர் எப்போது குளிருக்குள் போகிறது என்பதில்தான் பெரிதும் இருக்கிறது. பாத்திரத்தைச் சாய்த்தால் ஓடாமல் லேசாக அசைந்து நின்றால் போதும், உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மணி நேரம் கெட்டிப்படட்டும் என்று வெளியே விட்டால், அந்த நேரத்தில் ஏறும் புளிப்பு பல நாள் குளிரில் ஏறுவதைவிட அதிகம். பெரிய சட்டியின் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும். அதனால் சின்னக் கிண்ணங்களில் உறைய வைப்பதே எனக்குப் பிடித்த வழி. அவற்றைக் கதவில் வைக்காமல், 4 டிகிரியை ஒட்டிய உள்தட்டில் வைக்கலாம். உறைமோரும் புளிக்காத புதுத் தயிரிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

இத்தனை செய்தாலும் புளிப்பு தள்ளிப்போகுமே தவிர நிற்காது. நாலாம் நாள் தயிர் மோர்க்குழம்புக்கு.