கிடார் தம்பி எடுத்த பாட்டுதான் தப்பு

பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகரில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. பொருட்காட்சி முடிந்து வீடு திரும்புகிற கூட்டமும் மேடை முன்னால் வந்து நின்றுவிட்டது. பத்து மணிக்கு மேல் குழுவின் கிடார் கலைஞருக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். எடுத்தது 'என் இனிய பொன் நிலாவே'. 1980-இல் 'மூடுபனி' படத்துக்காக இளையராஜா இசையமைத்து ஜேசுதாஸ் பாடியது. கிடார் பிடித்தவர் எல்லோருக்கும் அது ஒரு பரீட்சை.

அவர் அதை அப்படியே வாசிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார். காலடியில் இருந்த டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, கரகரப்பான எலெக்ட்ரிக் ஒலியில் தொடங்கினார். கூட்டம் முதலில் கவனித்தது. முதல் சரணம் முடிவதற்குள் பேச்சுச் சத்தம் எழுந்துவிட்டது. ஓரமாக நின்ற விழாக்குழுப் பெரியவர் ஒருவர் மேடைப் படியருகே போய், "தம்பி, கேசட்ல இருக்கிற மாதிரியே வாசிப்பா" என்றார். பையனின் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி பெடலை மிதித்து அணைத்துவிட்டு, பழையபடியே வாசித்து முடித்தார்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாற்றி வாசித்தது தப்பா? இல்லவே இல்லை. மாற்றுவதற்கு அவர் எடுத்த பாட்டுதான் தப்பு.

ராக் கிடாரின் அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாத அளவுக்கு ஒலியை ஏற்றும்போது அலையின் மேல்நுனி வெட்டுப்படுகிறது. அதனால் ஒரே சுரத்தை மீட்டினாலும் அதன் மேல் பல உபசுரங்கள் வந்து ஏறிக்கொள்கின்றன. ஷட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் அந்தக் கூட்டம் ஒழுங்காக நிற்கும். நடுவே காந்தாரத்தை வைத்தால் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். ஆகவே ராக் கலைஞர்கள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிட்டு, ச-ப இரண்டையும் மட்டும் பிடிப்பார்கள். அதற்குப் பவர் கார்டு என்று பெயர். பலமாக இருக்கும், ஆனால் மேஜரா மைனரா, மகிழ்ச்சியா ஏக்கமா என்று சொல்கிற சுரம் அதில் இருக்காது.

'பொன் நிலாவே' நிற்பதே அந்தச் சுரத்தின் மேல்தான். கார்டு ஒவ்வொன்றாக மாற மாற, குரலின் அடியில் நிறம் மாறிக்கொண்டே போகும். ராஜாவின் பாட்டில் பேஸ் கிடாரும் இடையிசையும் அலங்காரமில்லை, அவையே பாட்டு. எல்லா இடமும் எழுதி நிரப்பப்பட்டுவிட்டது. அங்கே இன்னொருவர் உள்ளே வர வேண்டுமென்றால் எதையாவது வெளியே தள்ளித்தான் வர வேண்டும். அன்று வெளியே போனது காந்தாரம். கூட்டத்துக்குப் பெயர் தெரியாவிட்டாலும் இழப்பு தெரிந்துவிட்டது.

அசலை மிஞ்சிய மறுவாசிப்பு என்றால் உலகம் முதலில் காட்டுவது பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. 1967 கடைசியில் வந்தது. ஒரு கிடார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். இரண்டரை நிமிடம். மூன்றே கார்டுகள் இறங்கி, பாதி ஏறி, மறுபடி இறங்கும். தனிப் பல்லவி கிடையாது. மூன்று பத்திகள். புயல் வரப்போகிறது என்ற இடத்தில் பாட்டு நின்றுவிடும். அந்தப் புயல் எங்கே என்று கேட்பவர் தானே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சில வாரங்களிலேயே, 1968 ஜனவரியில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் இந்தப் பாட்டில் கைவைத்தார். பதிவின் நடுவே அவருடைய பேஸ் கலைஞர் நோயல் ரெடிங் கிளம்பிப் போய்விட, பேஸையும் ஹென்ட்ரிக்ஸே வாசித்தார். கார்டு மூன்றும் அதேதான். டிலன் எழுதாத அந்தப் புயலைத்தான் அவர் சேர்த்தார்.

நம் கிடார் தம்பி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. ஹென்ட்ரிக்ஸ் கார்டுகளைக் கரகரப்பில் போட்டுக் கலக்கவில்லை. அவற்றைத் தாங்குவது டேவ் மேசன் வாசித்த பன்னிரண்டு தந்தி அக்குஸ்டிக் கிடார். தெளிவாக, சலசலவென்று அடியில் ஓடும். அதன் மேல் எலெக்ட்ரிக் கிடார் ஒற்றைச் சுரங்களாகப் பேசும். நடுவில் வரும் தனி வாசிப்பு நான்கு துண்டுகள். முதலில் நேரான கிடார். பிறகு தந்தி மேல் வழுக்கிச் செல்லும் ஸ்லைடு, எதிரொலியோடு. மூன்றாவது வா-வா பெடலில், வாய் திறந்து மூடுவது போன்ற ஒலி. கடைசியில் கார்டுகளாக ஏறி உச்சிக்குப் போய், அங்கிருந்து நேராகப் பாடலுக்குள் இறங்கும். சிவகாசி பேன்சி ஷாட் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு பூ விரிந்து முடிவதற்குள் அடுத்தது வேறு நிறத்தில் வர வேண்டும், இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் காட்சி கெட்டுவிடும். நான்கு துண்டும் அதே மூன்று கார்டுகளின் மேல்தான் நடக்கின்றன, சலிப்பதேயில்லை.

தீர்ப்பைச் சொன்னவர் டிலனே. ஹென்ட்ரிக்ஸின் பதிவு தனக்குப் பிடித்தது என்றும், அவர் இறந்த பிறகு தானும் அந்த விதமாகவே பாடுகிறேன் என்றும் பின்னாளில் சொன்னார். எழுதியவரே மறுவாசிப்பின் வழிக்கு வருவது சாதாரணமில்லை.

ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' வேறு வழி. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் 1994-இல் வெளியிட்ட பாட்டு. இளைஞனின் தற்கசப்பு. கேஷ் அதை 2002-இல், எழுபது வயதில், உடல் தளர்ந்த குரலில் பாடினார். மெட்டு பெரிதாக மாறவில்லை, பாடுகிறவரின் வயதுதான் மாறியது. அதே வரிகள் ஒரு முழு வாழ்க்கையின் கணக்காகிவிட்டன. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

நம் சினிமாவில் ரீமிக்ஸ் என்று வருபவற்றில் பெரும்பாலானவை எனக்கு ஒப்பாதது இதனால்தான். தாளத்தைக் கனமாக்கி, நடுவில் நாலு வரி ராப் சேர்த்தால் வால்யூம் கூடும், பாட்டு நகராது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டிரம்ஸை மனதில் அணைத்துவிட்டுக் கேளுங்கள். பழைய பாட்டே மிச்சமிருந்தால் அது மறுவாசிப்பு இல்லை. விதிவிலக்கு என்று நான் சொல்வது 2007 'பில்லா'வில் யுவன் சங்கர் ராஜா எடுத்த 'மை நேம் இஸ் பில்லா'. 1980-இல் எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடியதில் ஒரு குதூகலம் இருந்தது. யுவன் அதை எடுத்துவிட்டு மிரட்டலை வைத்தார். அது அலங்காரமில்லை, ஒரு முடிவு.

அப்படியானால் விருதுநகர் மேடையில் அந்தத் தம்பி எதை எடுத்திருக்கலாம்? நம் கிராமங்களில் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடித்துப் பாடும் பாட்டுகளைக் கேளுங்கள். ஒருவர் ஒரு வரி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நாலைந்து சுரத்துக்குள் அடங்கும் மெட்டு. கைத்தட்டுதான் தாளம். அடியில் கார்டே கிடையாது. மேஜரா மைனரா என்று யாரும் எழுதி முடிக்கவில்லை. அங்கே பவர் கார்டு எதையும் வெளியே தள்ளாது. டிலன் விட்ட இடத்தைவிடப் பெரிய இடம் அதில் கிடக்கிறது. அந்தோணிதாசன் பாடிய லா பொங்கல் குழு நாட்டுப்புறப் பாட்டையும் கிடாரையும் சேர்த்தபோது இளைஞர்கள் நின்று கேட்டார்கள்.

தம்பி, அடுத்த முறை உங்கள் அப்பத்தாவிடம் ஒரு கும்மிப் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேடையேறுங்கள். விழாக்குழுப் பெரியவர்களே, மூன்று மணி நேரக் கச்சேரியில் ஐந்து நிமிடம் அவருக்கு விடுங்கள். அந்த ஐந்து நிமிடம் முடியும்வரை படியருகே போக வேண்டாம்.