விஞ்ஞானமும் சமயமும்: ஒரு விவாதத் தலைப்பு பற்றி

உயர்தர வகுப்பு விவாதங்களில் ‘விஞ்ஞானமும் சமயமும் முரண்படுகின்றனவா?’ என்ற தலைப்பு அடிக்கடி வருகிறது. சப்ரகமுவ தோட்டப்புறத்தில் நான் நடுவராக இருந்த விவாதத்திலும் அதுதான். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். குறை தலைப்பில்தான். எந்தச் சமயக் கூற்று எந்த விஞ்ஞானக் கூற்றோடு மோதுகிறது என்று அது கேட்பதே இல்லை.

1873 ஆகஸ்டில் நடந்த பாணந்துறை விவாதத்தைப் பாருங்கள். மேரு மலை பூமியில் எங்கே இருக்கிறது என்று கிறிஸ்தவத் தரப்பு கேட்டது. நியூட்டனை மறுத்து மொரிசன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலைக் குணானந்த தேரர் பதிலாகக் காட்டினார். இருவரில் யார் சரி என்று அந்த மேடையில் சோதிக்க வழியில்லை. யாரோ எழுதியிருக்கிறார் என்பதே ஆதாரமாகிவிட்டது. நம்ம பிள்ளைகளும் இதைத்தான் செய்றாங்க: ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இமாம் கஸ்ஸாலியின் வழி வேறு. ‘தஹாஃபுத்’ முன்னுரையில் அவர் கிரகணத்தை எடுத்துக்கொள்கிறார். சூரியனுக்கும் நமக்கும் நடுவே சந்திரன் வருவதால் அது நேர்கிறது. கணிதம் நிறுவிய இதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கெடுதி செய்கிறார் என்கிறார். பிறகு தத்துவவாதிகளின் 20 கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மூன்றை மட்டுமே குஃப்ர் என்கிறார். உலகம் அநாதியானது என்பது அவற்றில் ஒன்று.

எனவே ‘உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று விஞ்ஞானத்தால் நிறுவ முடியுமா?’ என்று தலைப்பைக் கொடுங்கள். அப்போது பெயரைச் சொல்லித் தப்ப இயலாது. ஆதாரம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று இரு தரப்பும் சொல்லியாக வேண்டும்.