கடைக்கோடிக்குப் போய்த் திரும்பும் அலை

பத்து மீட்டர் நீளமுள்ள கோஆக்சியல் கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் செப்புக் கம்பி, அதைச் சுற்றி பாலித்தீன், அதன்மேல் கம்பி வலை. ஒரு முனையில் 10 வோல்ட் மின்மூலம், அதன் உள்தடை 50 ஓம். மறுமுனையில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் எவ்வளவு மின்னோட்டம் பாயும்?

ஓம் விதியை மட்டும் படித்தவர், "மறுமுனையில் என்ன தடை என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் மின்மூலத்துக்கும் அது தெரியாது. செய்தி அங்கே போய்த் திரும்பி வந்தால்தானே தெரியும்! ஆனாலும் சுவிட்சைப் போட்ட அந்தக் கணமே ஏதோ ஓர் அளவு மின்னோட்டம் புறப்பட்டாக வேண்டும். அந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

கேபிள்தான். இந்த வகைக் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி, அதோடு 250 நானோஹென்றி மின்தூண்டி. இவை இரண்டும் சேர்ந்து அலையின் வேகத்தை மீட்டருக்கு 5 நானோவினாடி என்று கட்டிவைக்கின்றன. ஒரு மீட்டரை 5 வோல்ட்டுக்கு ஏற்ற 500 பிக்கோகூலூம் மின்னூட்டம் வேண்டும். அதை 5 நானோவினாடிக்குள் கொண்டுவந்து நிரப்ப 0.1 ஆம்பியர் ஓட வேண்டும். ஐந்து வோல்ட், 0.1 ஆம்பியர்: வகுத்தால் 50 ஓம். கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் 50 ஓம் வந்த வழி இதுதான். சூடாகி வீணாகும் தடை அல்ல அது. அலை முன்னேற முன்னேற, புதிதாக எட்டிப்பிடிக்கும் ஒவ்வொரு மீட்டரையும் நிரப்புவதற்கான கூலி. இதைத்தான் சிறப்பியல்பு மின்மறுப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உள்தடை 50, கேபிள் 50. எனவே 10 வோல்ட் சரிபாதியாகி, 5 வோல்ட்டும் 0.1 ஆம்பியருமாக அலை கிளம்புகிறது. ஐம்பதாவது நானோவினாடியில் கடைக்கோடியைத் தொடுகிறது.

அங்கே 100 ஓம் தடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலை கொண்டுவந்த 5 வோல்ட்டை ஏற்றால் அந்தத் தடை 0.05 ஆம்பியரைத்தான் விடும். வந்திருப்பதோ 0.1. மீதி எங்கே போகும்? போக இடமில்லாமல் மின்னூட்டம் வாசலில் குவிகிறது. குவியக் குவிய மின்னழுத்தம் 5-ஐத் தாண்டி ஏறுகிறது, ஏறிய அழுத்தம் வந்த வழியே பின்னோக்கிப் பரவத் தொடங்குகிறது. எதிரொளிப்பு என்பது இதுதான்.

அது எவ்வளவு ஏறும் என்பதில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் லயிக்கிறது. திரும்பும் அலையும் அதே கேபிளில்தான் ஓட வேண்டும். ஆகவே அதுவும் ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கட்டுப்பட்டதே. அதன் அழுத்தம் வந்ததோடு கூடும். எதிர்த்திசையில் ஓடுவதால் அதன் மின்னோட்டம் வந்ததிலிருந்து கழியும். கூட்டிய அழுத்தத்தைக் கழித்த மின்னோட்டத்தால் வகுத்தால் தடைக்கு வேண்டிய 100 கிடைக்க வேண்டும். இந்த நிபந்தனையைத் தீர்க்கும் அளவு ஒன்றே ஒன்றுதான்: 1.67 வோல்ட், 0.033 ஆம்பியர். முனையில் மொத்தம் 6.67 வோல்ட், 0.067 ஆம்பியர். திரும்பியதை வந்ததால் வகுத்தால் மூன்றில் ஒன்று. அந்தப் பின்னம்தான் எதிரொளிப்புக் கெழு. முனைத் தடை R, கேபிளின் சிறப்பியல்பு மின்மறுப்பு Z0 என்றால்:

Γ = (R − Z0) / (R + Z0)

இந்த ஒரு வரிக்குள் எல்லா முனைகளும் அடங்குகின்றன. முனையைத் திறந்தே விட்டால் கெழு +1: அழுத்தம் 10 வோல்ட்டாக இரட்டிக்கிறது, மின்னோட்டம் நின்றுபோகிறது. குறுக்கிணைத்தால் −1: அழுத்தம் முழுதும் அழிந்து, மின்னோட்டம் 0.2 ஆம்பியராகிறது. ஐம்பது ஓம் மாட்டினால் பூச்சியம். கேபிள் இன்னும் நீண்டுகொண்டே போகிறது என்றே அலைக்குப் படும்.

நூறாவது நானோவினாடியில் திரும்பிய அலை மின்மூலத்தை அடைகிறது. ஆசிலாஸ்கோப் திரையில் அதுவரை 5 வோல்ட்டில் படுத்திருந்த கோடு 6.67-க்கு ஒரு படி ஏறி அங்கேயே நிற்கிறது. இப்போது கேபிளை மறந்துவிட்டு, 50 ஓமும் 100 ஓமும் தொடரில் என்று கணக்குப் போடுங்கள். அதே 6.67 வோல்ட்! ஓம் விதி சொன்ன விடை பொய்க்கவில்லை. ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் அதற்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மின்மூலத்தின் உள்தடை 50 ஆக இல்லாவிட்டால் அங்கும் ஒரு எதிரொளிப்பு எழும். அலை பலமுறை முட்டி முட்டி, ஒவ்வொரு முறையும் இளைத்து, கடைசியில் ஓம் சொன்ன இடத்தில்தான் வந்து அடங்கும்.

இனி அந்த மின்மூலத்தின் இடத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை விடுவோம். இந்தக் கேபிளில் அதன் அலைநீளம் 2 மீட்டர். போகும் அலையின் வீச்சு 5, திரும்புவது 1.67. சில இடங்களில் இரண்டும் ஒத்துக் கூடி 6.67 ஆகின்றன. அங்கிருந்து அரை மீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று எதிர்த்து 3.33. அலைகள் ஓடிக்கொண்டேயிருக்க, இந்த மேடும் பள்ளமும் மட்டும் இடம் மாறாமல் நிற்கின்றன. மேட்டைப் பள்ளத்தால் வகுத்தால் 2. அதுவே நிலை அலை வீதம், வானொலிக்காரர் பேச்சில் எஸ்.டபிள்யூ.ஆர். நூறு ஓமுக்குப் பதில் 25 ஓம் மாட்டினாலும் அதே 2 வரும். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது: நூறில் மேடு முனையிலேயே நிற்கும், இருபத்தைந்தில் பள்ளம் நிற்கும்.

1890-ல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் லெக்கர் இரண்டு இணைக்கம்பிகளின் மேல் ஒரு குறுக்குக் கம்பியை நகர்த்தி, வாயுக்குழாய் எந்தெந்த இடத்தில் ஒளிர்கிறது என்று பார்த்தே அலைநீளத்தை அளந்தார். நம் பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் இருக்கும், நீளவாக்கில் பிளவிட்ட அலைவழிக்குழாயும் அந்தப் பரம்பரைதான். பிளவுக்குள் நுழைந்த சிறு ஊசியைத் திருகித் திருகி நகர்த்தும்போது கைக்கே ஒரு நயம் புரியும். மேட்டில் முள் சோம்பலாக நிற்கும். உச்சி எங்கே என்று அறுதியிட முடியாது. முனையைக் குறுக்கிணைத்திருந்தால், பள்ளத்தில் மயிரிழை நகர்ந்தாலும் முள் துள்ளும். மேட்டின் தலை வட்டமானது, பள்ளத்தின் அடி கூர்மையானது. அதனால்தான் அனுபவசாலிகள் எப்போதும் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கே அளக்கிறார்கள்.

நண்பர் ஒருவர், அமெச்சூர் வானொலிக்காரர், 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் மெல்லிய கேபிள் போட்டிருந்தார். கருவிக்குப் பக்கத்தில் வைத்த எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.2 என்றது. அருமையான அளவு. ஆனால் யாருக்கும் அவர் குரல் எட்டவில்லை. அந்த அலைவரிசையில் அவ்வளவு நீளம் போகும்போதே திறன் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. முனையில் முழுவதும் எதிரொளித்தாலும், திரும்பும் வழியில் இன்னொரு பத்தில் ஒன்று. மீட்டருக்கு வந்து சேர்வது நூறில் ஒரு பங்கு திறன், அதாவது பத்தில் ஒரு பங்கு அழுத்தம். 1.1-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.22.

மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். கழற்றிய பிறகும் மீட்டர் 1.2 என்றே காட்டியது. பிறகு மீட்டரையே மாடிக்குக் கொண்டுபோய், கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டினோம். கீழே அவர் பொத்தானை அழுத்தினார். மேலே முள் கடைசிக் கோடுவரை போய் முட்டி நின்றது. இணைப்பியைத் திறந்தபோது நடு ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.