வரைபடத்தில் இல்லாததற்கு விலை போட முடியாது

மென்பொருள் திட்டங்களுக்குச் செலவு கணிப்பவர்களிடையே ஒரு வரைபடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்குகிறது. இடப்பக்கம் அகல விரிந்து, வலப்பக்கம் போகப் போக ஒடுங்கி, ஒரு புள்ளியில் முடியும் கூம்பு அது. பாரி போம் 1981இல் வெளியிட்ட ‘சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எக்கனாமிக்ஸ்’ என்ற நூலில் அதை வரைந்தார். பின்னாளில் ஸ்டீவ் மெக்கானல் ‘நிச்சயமின்மைக் கூம்பு’ என்ற பெயரில் அதை ஊரறியச் செய்தார். வெறும் யோசனையாக இருக்கும் கட்டத்தில் ஒரு திட்டத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று கணித்தால், முடியும்போது செலவு 25 லட்சமாகவும் இருக்கலாம், 4 கோடியாகவும் இருக்கலாம் என்கிறது அந்தப் படம். என்ன செய்யப்போகிறோம் என்பது முடிவானதும் வீச்சு பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே வருகிறது. தேவைகள் எழுத்தில் வந்தபின் மூன்றில் இரண்டு பங்குக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையே. வடிவமைப்பு முடிந்தால் 80 லட்சத்திலிருந்து ஒன்றேகால் கோடிக்குள்.

இந்த எண்கள் அளந்து கண்டவை அல்ல. அனுபவத்தை வைத்துத் தாமே நிர்ணயித்தவை என்று போம் அந்த நூலிலேயே எழுதியிருக்கிறார். பத்துத் திட்டங்களில் எட்டு இந்த வீச்சுக்குள் அடங்கும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய், படம் மட்டும் ஒரு இயற்கை விதியைப் போல ஊர் சுற்றியது. ஆகவே கூம்பு எங்கே உண்மையாகிறது, எங்கே பொய்க்கிறது என்று பார்க்க மென்பொருளை விட்டு, அதைவிடப் பழைய துறை ஒன்றுக்குப் போவது நல்லது. வேதி ஆலைகளுக்கு மதிப்பீடு போடும் பொறியாளர்கள் 1950களிலேயே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள்.

அவர்களுடைய அமெரிக்கச் சங்கமான ஏ.ஏ.சி.இ. மதிப்பீடுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஐந்தாம் வகுப்பு மிகத் தோராயமானது, முதல் வகுப்பு மிகத் துல்லியமானது. இந்தப் பகுப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஒரு மதிப்பீடு எந்த வகுப்பு என்பதை அதன் துல்லியம் தீர்மானிப்பதில்லை. எத்தனை மாதம் ஆயிற்று, எவ்வளவு பணம் செலவாயிற்று என்பதும் தீர்மானிப்பதில்லை. எந்தெந்த வரைபடங்களும் ஆவணங்களும் எந்த அளவுக்கு முடிந்திருக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கிறது. வீச்சு அதன் விளைவு.

ஒரு கற்பனை ஆலையை வைத்துப் பார்ப்போம். ஒரு நிறுவனம் நாளொன்றுக்கு 200 டன் உற்பத்தி செய்யும் ஆலை கட்ட நினைக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு தகவல்: இதே பொருளை நாளுக்கு 100 டன் செய்யும் ஆலைக்கு 50 கோடி ஆனது. கொள்ளளவு இரட்டித்தால் செலவும் இரட்டிப்பதில்லை. இரண்டு மடங்கு கொள்ளும் தொட்டிக்கு இரண்டு மடங்கு தகடு தேவைப்படாது. இதனால் கொள்ளளவு விகிதத்தை 0.6 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பெருக்குவது இந்தத் துறையின் பழைய வழக்கம். 2இன் 0.6 அடுக்கு ஏறத்தாழ 1.52. ஆக, 76 கோடி. இது ஐந்தாம் வகுப்பு மதிப்பீடு. இந்த வகுப்பின் எல்லைகள் கீழே 20 முதல் 50 சதவீதம் வரை, மேலே 30 முதல் 100 சதவீதம் வரை போகும். மிக விரிந்த எல்லையை எடுத்துக்கொண்டால் 38 கோடியிலிருந்து 152 கோடி வரை. அரை மணி நேரத்தில் போட்ட கணக்குக்கு இதற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது.

அடுத்து, மூலப்பொருள் எங்கே நுழைகிறது, எங்கே சூடேறுகிறது, எங்கே பிரிகிறது என்று காட்டும் ஓட்டப் படம் தயாராகிறது. அதிலிருந்து முக்கிய இயந்திரங்களின் பட்டியல் கிடைக்கிறது. கலன்கள், பம்புகள், வெப்பப் பரிமாற்றிகள் எல்லாம் சேர்த்து வாங்கும் விலை 17 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஹான்ஸ் லாங் 1940களில் தந்த ஒரு பெருக்கெண் இன்றும் கைகொடுக்கிறது. திரவங்களைக் கையாளும் ஆலையில், இயந்திரங்களின் விலையை 4.74ஆல் பெருக்கினால் அடித்தளம், குழாய், மின்கம்பி, கட்டுமானக் கூலி எல்லாம் சேர்ந்த மொத்தம் கிட்டும். 80 கோடியைச் சற்றே தாண்டுகிறது. இது நான்காம் வகுப்பு. மிக விரிந்த எல்லை இப்போது 30 சதவீதம் கீழே, 50 சதவீதம் மேலே. அதாவது 56 கோடி முதல் 121 கோடி வரை.

மூன்றாம் வகுப்புக்குப் போக ஒரு பெரிய படி ஏற வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த மதிப்பீட்டை வைத்துத்தான் முழுப் பணத்துக்கும் ஒப்புதல் தருகின்றன. ஒவ்வொரு குழாயையும் வால்வையும் அளவுக் கருவியையும் காட்டும் ‘பி அண்ட் ஐ.டி.’ வரைபடம் இதற்கு வேண்டும். மனையில் எது எங்கே நிற்கும் என்ற தளப் படம் வேண்டும். மண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பெரிய இயந்திரங்களுக்கு விற்பனையாளர்களின் விலைப்புள்ளிகள் வந்திருக்க வேண்டும். நமது ஆலை இப்போது 88 கோடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வரையறுத்த திட்டமானால் இருபக்கமும் 10 சதவீதம், அதாவது 79 முதல் 97 கோடி. அரைகுறையாக வரையறுத்ததானால் 70 முதல் 114 கோடி வரை போகலாம். ஒரே வகுப்புக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

நடுப்புள்ளி 76, 80, 88 என்று ஏறிக்கொண்டே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். எண்கள் என் கற்பனைதான் என்றாலும், ஏறுமுகம் கற்பனை அல்ல. தொடக்கப் படத்தில் கலன் இருக்கும், அதன் அடியில் உள்ள வடிகால் வால்வு இருக்காது. குழாய் இருக்கும், அதைத் தாங்கும் கம்பமும் நடைமேடையும் இருக்காது. வரையப்படாத பொருளுக்கு யாரும் விலை போடுவதில்லை. வடிவமைப்பு வளர வளரப் பொருள்கள் பட்டியலில் சேர்கின்றனவே தவிர, நீங்குவது அரிது. இதற்காகத்தான் எதிர்பாராச் செலவு என்ற தலைப்பில் ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். ஏ.ஏ.சி.இ. தரும் வீச்சுகள் அந்தத் தொகையைச் சேர்த்தபின் மிஞ்சும் வீச்சுகள். ஒதுக்கீட்டை ‘கொழுப்பு’ என்று சொல்லி மேலிடம் வெட்டிவிட்டால், கூம்பின் நடுப்புள்ளி கீழே நழுவுகிறது. பிறகு நடக்கும் எல்லாமே ‘செலவு மீறல்’ என்று பெயர் வாங்கும்.

எட்வர்ட் மெரோவும் அவர் சகாக்களும் ராண்ட் நிறுவனத்துக்காக 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. புதுவகைத் தொழில்நுட்பம் கொண்ட ஆலைகளின் மதிப்பீடுகள் ஏன் பொய்த்தன என்று பார்த்தபோது, பணவீக்கத்தையும் மோசமான நிர்வாகத்தையும்விட இரண்டு காரணங்கள் மேலோங்கின. செயல்முறையில் முன்பின் நிரூபிக்கப்படாத பகுதி எவ்வளவு என்பது ஒன்று. மதிப்பீடு போட்ட நேரத்தில் மனையும் வடிவமைப்பும் எவ்வளவு தெளிவாயிருந்தன என்பது மற்றொன்று.

ஒரு திட்டம் சொல்லிக்கொள்ளும் வகுப்பில்தான் உண்மையில் இருக்கிறதா என்று அறிய, மதிப்பீட்டு அறிக்கையை மூடிவைத்துவிட்டு பி அண்ட் ஐ.டி. வரைபடங்களை விரித்துப் பார்க்க வேண்டும். இன்னும் முடிவாகாத பகுதியைச் சுற்றி மேகம்போல் வளைகோடு போட்டு, பக்கத்தில் ‘HOLD’ என்று எழுதி வைப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். பம்பின் அளவு தெரியவில்லை, ஹோல்ட். குளிர்நீரின் வெப்பநிலை வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டும், ஹோல்ட். ஒரே படத்தில் ஏழெட்டு மேகங்கள் இருந்தால், அறிக்கையின் அட்டையில் ‘மூன்றாம் வகுப்பு’ என்று அச்சிட்டிருந்தாலும் அது நான்காம் வகுப்புதான். மேகங்களின் எண்ணிக்கையைவிட அவை எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். வடிகால் குழாயில் ஒரு ஹோல்ட் சில ஆயிரம் ரூபாய் விவகாரம். உலைக்கலனின் அழுத்தத்தில் ஒரு ஹோல்ட், கலனின் தடிப்பையும் அடித்தளத்தையும் பாதுகாப்பு வால்வுகளையும் சேர்த்து நிறுத்திவைக்கிறது.

கூம்பு குறுகுவதாகத் தோன்றவைக்கும் ஒரு கணக்கு மயக்கமும் இருக்கிறது. நூறு கோடித் திட்டத்தில் 80 கோடி செலவாகிவிட்டது, மிச்ச வேலைக்கு 20 கோடி, அதில் பாதி முன்பின்னாகலாம் என்று வையுங்கள். மொத்தம் 90 முதல் 110 கோடிக்குள். ‘துல்லியம் 10 சதவீதம்’ என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் மிச்ச வேலையைப் பற்றிய நம் அறிவு 50 சதவீதத்தைவிட ஒரு அடி முன்னேறவில்லை. பணம் தீர்ந்ததால் மட்டுமே வீச்சு சுருங்கியது. லாண்ட்மார்க் கிராஃபிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் திட்டங்களைப் பற்றி டாட் லிட்டில் 2006இல் எழுதிய கட்டுரை இதே இடத்தைத்தான் தொட்டது. எஞ்சிய வேலையோடு ஒப்பிட்டால், நிச்சயமின்மை திட்டத்தின் கடைசிக் கட்டம்வரை ஏறக்குறைய அதே அளவில் நின்றது. கூம்பு தானாகக் குறுகாது, முடிவுகள் எடுத்துக் குறுக்கவேண்டும் என்று மெக்கானல் சொல்வதற்கு இது முரண் அல்ல என்பது என் வாசிப்பு. அந்தத் திட்டங்களில் முடிவுகள் கடைசிவரை திறந்தே இருந்திருக்கக்கூடும்.

முடிவுகள் எடுக்கப்படாமலே கட்டுமானம் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஆப்பரா ஹவுஸைவிட விளக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1957 ஜனவரியில் டென்மார்க்கின் ஜோர்ன் உட்சன் போட்டியில் வென்றார். அவர் அனுப்பியவை பெரும்பாலும் கோட்டோவியங்கள். அவற்றை வைத்து 35 லட்சம் ஆஸ்திரேலியப் பவுண்டு, பின்னாளைய நாணயத்தில் 70 லட்சம் டாலர், என்று மதிப்பிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அது ஐந்தாம் வகுப்பு. உலகில் அதுபோன்ற கூரை வேறெங்கும் இல்லை என்பதால், ஒப்பிட ஒரு பழைய கட்டடமும் கிடையாது. மாநில முதல்வர் ஜோசப் காஹில், ஆதரவு கலைந்துபோகும் முன் வேலையைத் தொடங்கிவிடத் துடித்தார். 1959 மார்ச்சில் அடிமேடை எழத் தொடங்கியது. மேலே வரப்போகும் கூரை எந்த வடிவம், எவ்வளவு எடை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் கூரைக்குப் பரவளையம், நீள்வளையம் என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். 1961இல் ஒரு தீர்வு கிடைத்தது: கூரையின் எல்லா வளைவுப் பகுதிகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுப்பது. கூரைக்கு அன்றுதான் கூம்பு உண்மையிலேயே குறுகியது. வளைவு ஒன்றே என்பதால் விலாக்களைத் திரும்பத் திரும்ப ஒரே அச்சுகளில் வார்க்கலாம், ஓடு பதிக்கும் பலகைகளை எண்ணிச் சொல்லலாம், விலை போடலாம். ஆனால் அதற்குள் அடிமேடையின் தூண்கள் எழும்பிவிட்டன. புதிய கூரையின் எடையை அவை தாங்கவில்லை. உடைத்து மீண்டும் கட்டவேண்டியிருந்தது.

உள்ளரங்கின் கூம்பு அப்போதும் திறந்தே கிடந்தது. பெரிய அரங்கு ஆப்பராவுக்கும் இசைக் கச்சேரிக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்பது தொடக்கத் தேவை. உட்சன் 1966இல் விலகிய பிறகு அந்தத் தேவையே மாறியது. பெரிய அரங்கு கச்சேரிக்கு மட்டும் என்றானது, ஆப்பரா சிறிய அரங்குக்குப் போனது. பெரிய அரங்கில் ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எடுத்தார்கள். 1973 அக்டோபரில் திறப்பு விழா நடந்தபோது கணக்கு 10 கோடியே 20 லட்சம் டாலரில் நின்றது. 70 லட்சத்தின் ஐந்தாம் வகுப்பு மேல் எல்லை இரு மடங்கு, போமின் கூம்பில் அதிகபட்சம் நான்கு மடங்கு. ஆனது ஏறத்தாழ பதினான்கரை மடங்கு. கூம்பின் எல்லைகள் எல்லாம், கட்டப்போவது என்ன என்பதாவது மாறாது என்ற அனுமானத்தின் மேல் வரையப்பட்டவை.