பேய்க்குப் பெயரிடுதல்

நெட்டுக்குப்பம் போன்ற கடலோரக் குப்பத்தில் பேய்க்கதை அமைப்போர் பெயர் தேடி நிகண்டைப் புரட்ட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்னும் மக்கள் வழக்கையே பார்ப்போம். ‘கொள்ளி’ என்றதும் அடுப்பில் எரியும் கட்டையோடு சுடுகாட்டுக் கொள்ளியும் நினைவில் எழுகிறது. அச்சம் பிறப்பது அங்கேதான். அடுத்து வரும் ‘வாய்’ அந்நெருப்புக்கு உடல் தருகிறது. ஓசையும் துணைநிற்கிறது: இரட்டித்த ளகரத்தில் நா மடிந்து தயங்க, ‘வாய்’ என்னும் நெடிலில் வாய் திறக்க, பகர ஒற்றில் இதழ்கள் சட்டென மூட, ‘சாசு’ எனும்போது மூச்சு சீறி அடங்குகிறது.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அலகை’ என்னும் சொல்லை எடுத்தாண்டது. குறளிலும் பயிலும் நற்சொல் அது. திருவாசகத்தில் வாசிக்கத் தகும். ஆயினும் ‘கொள்ளிவாய் அலகை’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கொள்ளி அணைந்துவிடுகிறது.